ஓர் எழுத்தும் சிந்தாமல்: சீரியல் வரவேற்பில் ரிங் பஃபர்

ஜிபிஎஸ் கருவி, தான் இருக்கும் இடத்தைச் சாதாரண எழுத்துகளாகவே சொல்கிறது. அட்சரேகை 1304.9500 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மிச்சம் நிமிடம்: 13 டிகிரி, 04.95 நிமிடம் வடக்கு. அது சென்னை. அந்த எண்ணில் இருக்கும் முதல் சுழியம் மட்டும் வழியில் விழுந்துவிட்டால் 134.9500 என்றாகிறது. படிக்கும் புரோகிராம் கடைசி இரண்டு முழு இலக்கங்களை நிமிடமாக எடுத்துக்கொள்ளும் வழக்கப்படி, 1 டிகிரி 34.95 நிமிடம் என்று பொருள் கொள்ளும். வண்டி 1,270 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து, இலங்கைக்கும் கீழே நடுக்கடலில் நிற்கும்.

இப்படி ஓர் எழுத்து காணாமல் போனால் பலரும் முதலில் கம்பியைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலான நேரங்களில் கம்பி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். எழுத்து சிப்பின் வாசல்வரை வந்திருக்கும். உள்ளே இருந்த புரோகிராம் வேறு வேலையாக இருந்ததால் உரிய நேரத்தில் வந்து எடுத்திருக்காது. எடுக்காத எழுத்தின் மேல் அடுத்த எழுத்து வந்து ஏறிவிடும். இந்த இழப்பைத் தடுக்க எழுதும் நிரல் முப்பது வரிகூட இராது. ஆனால் அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தெரியாமல் எழுதினால், பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் காரணம் புரியாமல் தவறும்.

ஓர் எளிய கருவியை வைத்துப் பார்க்கலாம். நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு ஆர்டுயினோ யூனோ போர்டு, பதிவு செய்துகொள்ள ஓர் எஸ்டி கார்டு. வண்டி போகும் பாதையைக் குறித்துவைக்கும் இத்தகைய கருவியைப் பொறியியல் மாணவர்கள் செய்து பார்ப்பது வழக்கம். யூனோவில் இருப்பது ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர். அது நொடிக்கு 1.6 கோடி கடிகாரத் துடிப்பில் ஓடுகிறது. அதன் ரேம் 2,048 பைட் மட்டுமே.

ஜிபிஎஸ் மாட்யூல் தொடக்க நிலையில் 9600 பாட் வேகத்தில் பேசும். அதாவது நொடிக்கு 9,600 பிட். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், நடுவில் எட்டு பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட் என்று மொத்தம் பத்து பிட் தேவை. ஆகவே நொடிக்கு 960 எழுத்து வரலாம். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.04 மில்லி வினாடி. நொடிக்கு 1.6 கோடி துடிப்புள்ள சிப்புக்கு இது ஏராளமான நேரம். ஆகவே எழுத்து தொலைவதற்குச் சிப்பின் வேகக் குறைவு காரணமில்லை.

சிப்புக்குள் சீரியல் எழுத்துகளை வாங்கும் பகுதிக்கு யூசார்ட் என்று பெயர். கம்பியில் ஒவ்வொன்றாக வரும் பிட்டுகளை ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சேர்த்து ஓர் எழுத்தாக்குகிறது. முழுமையான எழுத்துகள் காத்திருக்க அதன் பின்னால் இரண்டே இடங்கள். புரோகிராம் `UDR0` என்ற பெயரில் படிக்கும்போது அவற்றில் பழையது முதலில் வெளியே வரும். இரண்டு இடமும் நிரம்பிவிட்டால் மூன்றாவது எழுத்து ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலேயே தங்கி நிற்கும். அப்போது நான்காவதன் ஸ்டார்ட் பிட் வந்துவிட்டால் மூன்றாவது போயிற்று. சிப் இதை மறைப்பதில்லை. `DOR0` என்ற பிட்டை உயர்த்திக் காட்டுகிறது. அதைப் பார்ப்பதும் பார்க்காததும் புரோகிராம் எழுதுபவர் கையில்.

புதிதாக எழுதுபவர்கள் மெயின் லூப்பிலேயே "எழுத்து வந்ததா?" என்று கேட்டுப் படித்துக்கொள்வார்கள். லூப் வேகமாகச் சுற்றும்வரை இது நன்றாகவே ஓடும். எஸ்டி கார்டில் எழுதும் கட்டம் வரும்போதுதான் சிக்கல். கார்டு தனக்குள்ளே பழையதை அழித்து இடம் ஒதுக்கும் நேரங்களில் 'நான் வேலையாக இருக்கிறேன்' என்று காக்க வைக்கும். எஸ்டிஎச்சி வகைக் கார்டுகளில் ஓர் எழுத்துப் பணிக்கு 250 மில்லி வினாடிவரை பொறுத்திருக்க வேண்டும் என்கிறது அதன் விதிமுறை. அந்தக் கால் நொடியில் ஜிபிஎஸ் 240 எழுத்து அனுப்பிவிடும். சிப்பிடம் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. லூப் திரும்பி வந்து படிக்கும்போது ஒரு வரியின் தலையும் வேறொரு வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு கிடைக்கும்.

பெரும்பாலான முறை கார்டு சில மில்லி வினாடியில் வேலையை முடித்துவிடும். எப்போதாவதுதான் நீண்ட காத்திருப்பு. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது தெரியாத குறை, வண்டியில் ஏற்றிய பிறகு தலைகாட்டுவது இதனால்தான்.

இங்கேதான் இன்டரப்ட் உதவுகிறது. `RXCIE0` என்ற பிட்டை உயர்த்தி வைத்தால், எழுத்து வந்து சேர்ந்ததும் சிப் தான் செய்துகொண்டிருக்கும் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, நாம் குறித்துக்கொடுத்த ஒரு சிறு நிரலுக்குத் தாவும்; அதை முடித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பும். கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு, நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சில மைக்ரோ வினாடிகளில் முடியக்கூடிய வேலை இது.

அந்தச் சிறு நிரல் சிறியதாகவே இருக்க வேண்டும். வரியைப் பிரிப்பது, அட்சரேகையைக் கணக்கிடுவது, கார்டில் எழுதுவது எதுவும் அதற்குள் கூடாது. எழுத்தை எடுத்து ரேமில் ஓரிடத்தில் வைப்பதோடு அதன் பொறுப்பு முடிகிறது. அந்த இடம்தான் ரிங் பஃபர்.

பெயரில் வளையம் இருந்தாலும் ரேமில் இருப்பது நேரான வரிசைதான். கடைசி இடத்துக்கு அடுத்தது முதல் இடம் என்று கணக்கு வைத்துக்கொள்வதால் அது வளையமாகிறது. கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர் முன்னே போக, சாப்பிட்டு முடித்த இலையை எடுக்கிறவர் பின்னே வருவதைப் போல இரண்டு குறியீடுகள் இந்த வரிசையில் நகர்கின்றன. அடுத்த எழுத்தை எங்கே வைப்பது என்று ஹெட் சொல்கிறது. அடுத்து எங்கிருந்து எடுப்பது என்று டெயில் சொல்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் பஃபர் காலி. வைத்த எழுத்து எதுவும் இடம் மாறுவதில்லை, எண்கள் மட்டுமே நகர்கின்றன. அதனால்தான் இது இவ்வளவு வேகம்.

256 இடங்கள் கொண்ட பஃபரை எடுத்துக்கொண்டால் நிரல் இப்படி அமையும்:

```c
static volatile uint8_t buf[256];
static volatile uint8_t head, tail;
static volatile uint8_t hw_lost, full_lost;

ISR(USART_RX_vect)
{
    uint8_t status = UCSR0A;
    uint8_t c = UDR0;
    uint8_t next = head + 1;

    if (status & (1 << DOR0))
        hw_lost++;
    if (next == tail) {
        full_lost++;
        return;
    }
    buf[head] = c;
    head = next;
}
```

முதல் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றக் கூடாது. `UDR0`-ஐப் படித்ததுமே அந்த எழுத்து வரிசையிலிருந்து வெளியேறிவிடும். அதோடு சேர்ந்திருந்த பிழைக்குறிகளும் போய்விடும். ஆகவே நிலையை முதலில் படித்துவிட்டுத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும். கடைசி இரண்டு வரிகளும் அப்படியே. எழுத்தை வைத்த பிறகே ஹெட்டை நகர்த்த வேண்டும். ஹெட் நகர்ந்துவிட்டது என்றால் 'இங்கே எழுத்து தயார்' என்று மறுபக்கத்துக்குச் சொல்லிவிட்டதாக அர்த்தம். சொன்ன பிறகு வைப்பது முறையாகாது.

ஹெட்டும் டெயிலும் எட்டு பிட் எண்கள். 255-க்குப் பிறகு ஒன்றைக் கூட்டினால் அவை தாமாகவே சுழியத்துக்குத் திரும்பிவிடும். 256 என்ற அளவைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்: சுற்றி வருவதற்கென்று தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இடங்கள் 256 என்றாலும் இதில் 255 எழுத்துதான் பிடிக்கும். ஹெட் ஓர் அடி வைத்தால் டெயிலைத் தொட்டுவிடும் என்ற நிலையே 'நிரம்பிவிட்டது'. அந்தக் கடைசி இடத்தையும் நிரப்பினால் ஹெட்டும் டெயிலும் ஒன்றாகிவிடும். அது 'காலி' என்பதற்கான அடையாளம். ஓரிடத்தை எப்போதும் சும்மா விட்டுவைப்பது, இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறியக் கொடுக்கும் விலை.

இதில் ஒளிந்திருக்கும் பள்ளம் ஒன்று உண்டு. `next` என்ற மாறி எதற்கு, நேராக `if (head + 1 == tail)` என்று எழுதினால் ஆகாதா என்று தோன்றும். சி மொழியில் கூட்டல் நடக்கும்போது எட்டு பிட் எண் பெரிய எண்ணாக மாற்றப்பட்டுத்தான் கூட்டப்படுகிறது. ஹெட் 255-இல் இருக்கும்போது விடை 256 ஆகும், சுழியம் ஆகாது. டெயில் சுழியத்தில் நின்றாலும் இரண்டும் சமமில்லை என்று நிரல் முடிவு செய்து, எழுத்தை வைத்து ஹெட்டைச் சுழியத்துக்கு நகர்த்திவிடும். மறுகணம் பஃபர் காலி என்று தெரியும். உள்ளே இருந்த 256 எழுத்தும் ஒரே அடியில் மறைந்துவிடும். பஃபர் நிரம்ப வேண்டும், அதுவும் டெயில் சரியாகச் சுழியத்தில் இருக்கும்போது நிரம்ப வேண்டும் என்பதால் இந்தத் தவறு அபூர்வமாகவே வெளிப்படும். விடையை `uint8_t` மாறியில் போட்டுவிட்டு ஒப்பிடுவதே இதற்கு மருந்து.

எடுக்கும் பக்கம் இன்னும் எளியது:

```c
int16_t rx_get(void)
{
    if (head == tail)
        return -1;
    uint8_t c = buf[tail];
    tail = tail + 1;
    return c;
}
```

எழுத்து எதுவானாலும் 0 முதல் 255-க்குள் இருக்கும். ஆகவே காலி என்று சொல்ல -1 பயன்படுகிறது. மெயின் லூப் நேரம் கிடைக்கும்போதெல்லாம் -1 வரும்வரை இதை அழைத்து எழுத்துகளை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு நிரல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பங்கீடு தெரியும். ஹெட்டை மாற்றுவது இன்டரப்ட் மட்டுமே. டெயிலை மாற்றுவது மெயின் லூப் மட்டுமே. ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கலாம், தொடக் கூடாது. இன்டரப்ட் எந்த நொடியில் குறுக்கிட்டாலும் குழப்பம் வராமல் இருப்பதற்கு இந்தப் பங்கீடே அடிப்படை. பஃபர் நிரம்பினால் புதிய எழுத்தை விட்டுவிடாமல் பழையதைத் தள்ளிவிடலாமே என்று சிலர் செய்துபார்ப்பார்கள். அப்போது இன்டரப்ட் நிரல் டெயிலை நகர்த்த வேண்டியிருக்கும். மெயின் லூப் அதே டெயிலைப் படித்துக்கொண்டிருக்கும் தருணத்தில் அது நடந்தால், எடுத்த எழுத்து எதைச் சேர்ந்தது என்றே தெரியாது.

`volatile` என்ற சொல்லும் காரணமின்றி வரவில்லை. மெயின் லூப் ஒரு சுற்றுக்குள் ஹெட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, அந்தச் சுற்றுக்குள் அதை யாரும் மாற்றவில்லையே என்று கருதி கம்பைலர் ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொள்ளக்கூடும். இன்டரப்ட் மாற்றுவது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ரேமிலிருந்தே படி என்று கட்டாயப்படுத்துகிறது இந்தச் சொல்.

512 இடம் வேண்டுமென்று எண்களைப் பதினாறு பிட்டாக்கினால் வேறொரு பிரச்சினை எழும். இது எட்டு பிட் சிப். பதினாறு பிட் எண்ணை இரண்டு தவணையாகத்தான் படிக்கும். ஹெட் 255 ஆக இருக்கும்போது கீழ்ப்பாதியைப் படித்துவிட்டது என்று கொள்வோம். அந்தப் பாதி 0xFF. அந்த இடைவெளியில் ஓர் எழுத்து வந்து ஹெட் 256 ஆகிவிடுகிறது. இப்போது படிக்கும் மேல்பாதி 0x01. சேர்த்தால் 511, ஹெட் அப்போது நிற்காத இடம். இதைத் தவிர்க்க அந்த இரண்டு தவணைக்குள் மட்டும் இன்டரப்டை நிறுத்தி வைக்க வேண்டும். ஏவிஆர் நூலகத்தில் அதற்கென்றே `ATOMIC_BLOCK` இருக்கிறது.

அளவை எப்படி முடிவு செய்வது? மெயின் லூப் தொடர்ந்து அதிகபட்சம் எவ்வளவு நேரம் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் என்பதை, நொடிக்கு வரக்கூடிய எழுத்துகளோடு பெருக்க வேண்டும். ஆர்டுயினோவின் `Serial` நூலகத்திலேயே யூனோவுக்கு 64 இட ரிங் பஃபர் இருக்கிறது. அதில் 63 எழுத்து பிடிக்கும். 9600 வேகத்தில் 66 மில்லி வினாடிக்குள் நிரம்பிவிடும். எஸ்டி கார்டின் கால் நொடிக்கு அது போதாது. 240 எழுத்துக்கு 256 இடம் போதும் என்று தோன்றும், மயிரிழையில் போதும்தான். ஆனால் ஒவ்வொரு வரியையும் உடனே கார்டில் உறுதிப்படுத்தச் சொன்னால், கோப்பின் அட்டவணையையும் சேர்த்து எழுத வேண்டி வரும். இரண்டு காத்திருப்பு அடுத்தடுத்து வந்தால் 480 எழுத்து.

512-க்குப் போகலாம். ஆனால் இருக்கும் ரேமே 2,048 பைட். எஸ்டி நூலகம் தனக்கென்று 512 எடுத்துக்கொள்ளும். இங்கே பஃபரைப் பெருக்குவதைவிட வரத்தைக் குறைப்பது நல்லது. நியோ-6எம் தொடக்கத்தில் நொடிக்கு ஆறு வகை வரிகளை அனுப்புகிறது. பாதையைக் குறிக்க ஆர்எம்சி, ஜிஜிஏ என்ற இரண்டு வரிகள் போதும். செயற்கைக்கோள்களின் பட்டியலைச் சொல்லும் ஜிஎஸ்வி வரியை நிறுத்த மாட்யூலுக்கு இந்தக் கட்டளையை அனுப்பலாம்:

```
$PUBX,40,GSV,0,0,0,0*59
```

மற்ற மூன்றையும் இதே முறையில் நிறுத்தலாம். என்எம்இஏ விதிப்படி ஒரு வரி 82 எழுத்துக்கு மேல் போகாது. ஆகவே இரண்டு வரிக்கு நொடிக்கு அதிகம் போனால் 164 எழுத்து. இப்போது 255 எழுத்து பிடிக்கும் பஃபருக்குள் ஒரு முழு நொடியின் வரத்தும் அடங்கிவிடுகிறது. கார்டு இரண்டு முறை அடுத்தடுத்துத் தாமதித்தாலும் எதுவும் சிந்தாது.

சிந்தவில்லை என்பதை உறுதி செய்ய நிரலில் இரண்டு எண்ணிக்கைகள் இருக்கின்றன. `full_lost` ஏறினால் மெயின் லூப் மெதுவாக இருக்கிறது அல்லது பஃபர் சிறியது. `hw_lost` ஏறினால் இன்டரப்டே நேரத்துக்கு ஓடவில்லை. பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. `DOR0` ஒருமுறை உயர்ந்தால் போனது ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம்; ஆகவே அந்த எண்ணிக்கை எத்தனை முறை இழப்பு நேர்ந்தது என்பதைத்தான் சொல்லும்.

ஜிபிஎஸ் வரியின் முடிவில் சரிபார்க்கும் எண் இருக்கிறதே, அது போதாதா? வரியில் உள்ள எழுத்துகளையெல்லாம் எக்ஸ்ஆர் செய்து கிடைப்பது அது. ஓர் எழுத்து விழுந்தால் நிச்சயம் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே எழுத்து இரண்டு விழுந்தால், உதாரணமாக இரண்டு சுழியம் போனால், எக்ஸ்ஆர் கணக்கில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், விடை மாறாது. 01131.0000 போன்ற எண்கள் நிறைந்த வரியில் இது நடக்கக்கூடியதே. அதனால் இழப்பை நடந்த இடத்திலேயே எண்ணுவது அவசியம்.

சோதிக்க ஜிபிஎஸ்கூட வேண்டாம். கணினியிலிருந்து 0 முதல் 255வரை வரிசையாக இடைவெளியின்றி அனுப்பிக்கொண்டே, மெயின் லூப்பில் வேண்டுமென்றே ஒரு தாமதம் வைத்துப் பார்க்கலாம். 200 மில்லி வினாடி தாமதத்தில் 192 எழுத்து சேரும். எல்லாம் வரிசை பிசகாமல் வர வேண்டும். 300 ஆக்கினால் 288 வரும், 255 தங்கும். ஒவ்வொரு சுற்றிலும் `full_lost` ஏறக்குறைய 33 கூட வேண்டும். கணக்கிட்டபடி தவறினால்தான் நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். தாமதம் இல்லாதபோதே வரிசை பிசகினால் தவறு நிரலிலோ பாட் வேகத்திலோ இருக்கிறது.

`hw_lost` ஏறுவதற்கு வழக்கமான காரணம், வேறு ஏதோ ஒரு நூலகம் இன்டரப்டை நிறுத்தி வைப்பது. டபிள்யூஎஸ்2812 வகை வண்ண எல்இடி பட்டைகள் இதற்கு நல்ல உதாரணம். ஒரு விளக்குக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ வினாடி, ஆக 30 மைக்ரோ வினாடி. நேரம் சிறிது பிசகினாலும் நிறம் மாறும் என்பதால் அனுப்பி முடியும்வரை நூலகம் இன்டரப்டை அணைத்துவிடும். 60 விளக்குக்கு 1.8 மில்லி வினாடி. சிப்பின் இரண்டு இடமும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் சேர்ந்து 9600 வேகத்தில் ஏறக்குறைய 2 மில்லி வினாடி தாங்கும், தப்பித்துவிடும். 100 விளக்கு என்றால் 3 மில்லி வினாடி, எழுத்து போகும். அதே கருவியில் 115200 பாட் வேகத்தில் பேசினால் ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோ வினாடிதான், தாங்கும் நேரம் 0.17 மில்லி வினாடிக்குச் சுருங்கிவிடும். அப்போது 60 விளக்கே ஏறக்குறைய பதினெட்டு எழுத்தைத் தின்றுவிடும்.

வன்பொருளின் இந்தச் சிறு இடம் பழைய பிரச்சினை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பயன்பட்ட 8250 சிப், வந்து முடிந்த ஓர் எழுத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். பின்னர் வந்த 16550ஏ சிப் அதைப் பதினாறாக்கியது. இன்டரப்ட் சற்றுத் தாமதித்தாலும் எழுத்து தங்கியது.

இன்றைய எஸ்டிஎம்32 போன்ற சிப்புகளில் டிஎம்ஏ என்ற பகுதி, செயலியைத் தொந்தரவு செய்யாமலே ஒவ்வொரு எழுத்தையும் நேராக ரேமில் உள்ள வளையத்தில் வைத்துவிடுகிறது. அங்கே ஹெட்டை நகர்த்தும் நிரலே கிடையாது. இன்னும் எத்தனை இடம் பாக்கி என்று டிஎம்ஏ வைத்திருக்கும் எண்ணிலிருந்து ஹெட்டைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பல மெகாபிட் வேகத்துக்கும் இது ஈடுகொடுக்கும். ஆனால் டிஎம்ஏவுக்கு டெயில் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. வளையம் நிரம்பினாலும் நிற்காமல் பழைய எழுத்தின் மேல் எழுதிக்கொண்டே போகும். `full_lost` போன்ற எண்ணிக்கையும் தாமாக ஏறாது. அங்கே மெயின் லூப் ஒரு முழுச் சுற்று பின்தங்கவில்லை என்பதை, பாதி வளையம் நிரம்பியதும் வரும் இன்டரப்டையும் முழுதும் நிரம்பியதும் வரும் இன்டரப்டையும் எண்ணி, எழுதுபவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.